கருப்பொருள் பகுப்பாய்வு: முடிவுகள் பகுதி மேற்கோள் குவியலாக இருக்கிறது

“முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் 14 பேரைப் பேட்டி எடுத்தேன். குடும்பம், பணம், ஆங்கிலம் என்று மூன்று கருப்பொருள்கள். எழுதினால் மேற்கோள்களாகவே அடுக்கியிருக்கிறது என்கிறார் வழிகாட்டி. என்ன செய்வது?”

சிக்கல் மேற்கோளில் இல்லை, தலைப்பில் இருக்கிறது. ‘குடும்பம்’ என்பது பேசப்பட்ட விஷயம் மட்டுமே. அதைப் பற்றி நீங்கள் எதையும் சொல்லவில்லை, அதனால்தான் மேற்கோள்கள் பேச வேண்டியிருக்கிறது. கருப்பொருள் பகுப்பாய்வைப் பரவலாக்கிய ஆய்வாளர்கள் பிரவுன், கிளார்க் இருவரும் பேசப்பட்ட விஷயத்துக்கும் கருப்பொருளுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்கள்.

‘குடும்பம்’ என்பதன் கீழ் பேட்டிப் பகுதிகளுக்கு நீங்கள் இட்ட குறியீடுகளை மறுபடி வாசியுங்கள். ‘அப்பா நகையை அடகு வைத்தார்’, ‘அரியர் இருப்பதை வீட்டில் சொல்லவில்லை’ இரண்டும் ஒரே மாணவரிடம் வருகிறதா? வந்தால் கருப்பொருள் இப்படி ஆகலாம்: ‘வீட்டார் தாங்குவதாலேயே தோல்வியை வீட்டில் சொல்ல முடிவதில்லை’. இது ஒரு வாதம். இதை மறுக்கவும் முடியும்.

அப்புறம் பத்தி தானாக அமையும். முதலில் வாதம், அடுத்து இரண்டு மூன்று வரி மேற்கோள், அதன்பின் அதில் எந்தச் சொல் ஏன் முக்கியம் என்று உங்கள் வாசிப்பு. மேற்கோளையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் அது பகுப்பாய்வு ஆகாது. மேற்கோள்களை நீக்கிப் படித்துப் பாருங்கள்; வாதம் புரிந்தால் சரி.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்ன மாணவர் யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஏன் முடிந்தது என்பதுதான் சுவையான பகுதி. பணமும் அநேகமாக இதற்குள்ளேயே அடங்கிவிடும், மூன்று கருப்பொருள் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒரே மாணவரின் பேச்சு எல்லா இடத்திலும் வருகிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.