சும்மா சும்மா நிக்கிற கன்வேயர்: சென்சரை மாத்த முதல் பாக்க வேண்டியது (கேள்வி பதில்)

சம்மாந்துறையில இருந்து, நெல்லு மில் எலக்ட்ரீசியன்: அண்ணன், எங்கட மில்லுல நெல்லு கொண்டு போற பெல்ட் கன்வேயர் நினைச்ச நேரம் நிக்குது. ரீசெட் அடிச்சா உடனே ஓடுது. கேட் சென்சருக்கும் அலைன்மெண்ட் சென்சருக்கும் புல்கோர்ட் ஸ்விட்சுக்கும் 24 வோல்ட் ஒரே ஜங்ஷன் பொக்ஸால போகுது. கேட் சென்சர் ரெண்டு தரம் மாத்தியாச்சு, முதலாளி இப்ப பிஎல்சியையே மாத்தச் சொல்றார். என்ன செய்யலாம்?

தம்பி, பிஎல்சியில கை வைக்க வேணாம். நிண்ட நேரத்துல எந்த இன்புட் முதல்ல விழுந்தது எண்டு தெரியாம எதை மாத்தினாலும் அது காசு போறதுதான். நீங்க பேனலுக்கு ஓடி வந்து பாக்கிற நேரம் வயர் திரும்ப தொட்டிருக்கும், எல்லா லைட்டும் எரியும், சென்சரும் நல்லாத்தான் இருக்கும். அதால அந்த நொடிய பிஎல்சியே பிடிச்சு வைக்கோணும். ப்ரோக்ராம்ல ஸ்டாப் லாஜிக்குக்கு மேல இத போடுங்க:

```
IF Running AND FirstFault = 0 THEN
  IF NOT PullCord  THEN FirstFault := FirstFault + 1; END_IF;
  IF NOT GateProx  THEN FirstFault := FirstFault + 2; END_IF;
  IF NOT AlignProx THEN FirstFault := FirstFault + 4; END_IF;
  IF ChuteFull     THEN FirstFault := FirstFault + 8; END_IF;
END_IF;
```

ரீசெட் பட்டன்ல மட்டும் 0 ஆக்குங்க. நிண்டதும் இந்த நம்பர எழுதி வைங்க, அந்த நேரம் வேற எந்த மோட்டர் ஸ்டார்ட் ஆனது எண்டும் பக்கத்துல எழுதுங்க. ஒரு கிழமை எழுதினா போதும், ஆனா ஒரு தரம் கூட எழுதாம விடாதீங்க.

கல்முனை, வொர்க்ஷாப் வச்சிருக்கிறவர்: இதுல யோசிக்க என்ன கிடக்கு, இது நொய்ஸ் தான். விஎஃப்டி இருக்கிற எல்லா இடத்திலயும் இதே கத. சென்சர் கேபிள் ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணச் சொல்லுங்க, முடிஞ்சுது.

நொய்ஸ் வரும் எண்டது சரி, ஆனா எந்த இன்புட்டுல எண்டு பாக்கோணும். இவங்கட கேட் சென்சரும் அலைன்மெண்ட் சென்சரும் எல்லாம் சரியா இருக்கிற நேரம் 24 வோல்ட் குடுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி வயர் பண்ணினது. சாதாரண 24 வோல்ட் இன்புட் 5 வோல்ட்டுக்குக் கீழ வந்தாத்தான் நிச்சயமா ஆஃப். சென்சர் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிற 24 வோல்ட்ட நொய்ஸ் அவ்வளவு தூரம் கீழ இழுத்து ஃபில்டரையும் தாண்டி வைச்சிருக்கிறது லேசில்ல. அப்பிடி விழுந்தா நான் முதல்ல தேடுறது லூஸ் டெர்மினல். ஷூட் நிரம்பினா மட்டும் சிக்னல் குடுக்கிற சென்சர் மத்தது, அது மத்த நேரமெல்லாம் 0 வோல்ட்டுல கிடக்கும், அந்த வயருலதான் நொய்ஸ் ஏறி இல்லாத சிக்னல் காட்டும். ரெண்டையும் ஒரே மருந்தால சுகப்படுத்த ஏலாது.

ஷீல்ட் ரெண்டு பக்கமும் எர்த் பண்றது விஎஃப்டியில இருந்து மோட்டருக்குப் போற கேபிளுக்கு சரி, அதுக்கு அப்பிடித்தான் செய்யோணும். சென்சர் கேபிளுக்கு நான் பேனல் பக்கம் மட்டும்தான் போடுவன். மில்லோட அந்தத் தலை எர்த்தும் இந்தத் தலை எர்த்தும் ஒரே லெவல்ல இல்லாட்டி ஷீல்டுக்குள்ளயே கரண்ட் ஓடும். எர்த்திங் நல்லாக் கட்டின பெரிய ப்ளான்ட்டுல ரெண்டு பக்கமும் போடுறவங்களும் இருக்கிறாங்க, அது வேற.

ஏறாவூர்ல இருந்து: எங்கட வீட்டு கிணத்து மோட்டரும் இதே மாதிரி நிக்குது சேர், கொஞ்ச நேரம் ஆற விட்டா திரும்ப ஓடும். எனக்கும் இந்த கோட போடலாமா?

இல்ல தம்பி, உங்களுக்கு பிஎல்சியே இல்ல. ஆறினாப் பிறகு ஓடுது எண்டா ஓவர்லோட் இல்லாட்டி மோட்டருக்குள்ள இருக்கிற தெர்மல் விழுது. ஓடுற நேரம் ஆம்ப்ஸ் அளந்து மோட்டர் தகட்டுல இருக்கிறதோட பாருங்க, அது கூடுதல் எண்டா லைன் வோல்டேஜயும் பாருங்க. இங்க அத விடுவம்.

சம்மாந்துறை தம்பி திரும்பவும்: அண்ணன் எழுதினன். கன தரம் 6 வந்தது, ஒண்டு ரெண்டு தரம் 2, ஒரு தரம் 8. 1 வரவே இல்ல. எலிவேட்டர் நெல்லோட ஓடுற நேரம்தான் 6 வருது.

இதத்தான் எதிர்பாத்தன். 6 எண்டா கேட் சென்சரும் அலைன்மெண்ட் சென்சரும் ஒண்டா விழுந்திருக்கு. ரெண்டு சென்சர் ஒரே நேரம் பழுதாகாது, ரெண்டுக்கும் பொதுவான வயரைத் தேடுங்க. இடைக்கிடை 2 வாறது ஒண்டு மத்ததுக்கு ஒரு ஸ்கேன் முந்தி விழுந்ததாலயா இருக்கும், அத வச்சுக் குழம்ப வேணாம். புல்கோர்ட் ஸ்விட்சுக்கும் 24 வோல்ட் அதே ஜங்ஷன் பொக்ஸால போகுது எண்டு முந்தி சொன்னீங்க. ப்ளஸ் வயர் விட்டிருந்தா புல்கோர்டும் சேந்து விழுந்து 7 வந்திருக்கோணும். வரல்ல. புல்கோர்ட் வெறும் கொன்டெக்ட், அதுக்கு 0 வோல்ட் தேவையில்ல, சென்சருக்குத் தேவை. அப்ப அந்த பொக்ஸுக்குள்ள நீல வயர் கூடுற இடத்தப் பாருங்க.

பாக்கிற விதம் இப்பிடி: மோட்டர் ஐசலேட்டரை ஆஃப் பண்ணி லொக் போடுங்க, 24 வோல்ட் மட்டும் இருக்கட்டும். ஒராள் பிஎல்சி இன்புட் லைட்டப் பாக்கட்டும், மத்தாள் ஸ்க்ரூட்ரைவர் பிளாஸ்டிக் பிடியால பொக்ஸை மெல்லத் தட்டி, பிறகு ஒவ்வொரு வயரா மெதுவா இழுத்துப் பாக்கட்டும். மீட்டர நம்பி இருக்க வேணாம், கண் மூடித் திறக்கிற நேரத்துல விட்டுத் தொடுறத அது காட்டாது. நிக்காம ஓடட்டும் எண்டு புல்கோர்ட மட்டும் ஒருநாளும் ஜம்பர் போட்டுராதீங்க.

ஒலுவில், ட்ரெய்னிங்ல இருக்கிற தங்கச்சி: அண்ணா, இன்புட் ஃபில்டர் டைமக் கூட்டினா இதெல்லாம் தெரியாமப் போகும் தானே? 20 மில்லிசெகண்ட் போடலாமா?

ஷூட் சென்சருக்குப் போடலாம் தங்கச்சி, நெல்லு நிரம்ப எடுக்கிற நேரத்தோட பாத்தா 20 மில்லிசெகண்ட் ஒண்டுமே இல்ல. ஆனா புல்லியில போல்ட் அடிச்சு ஸ்பீட் பாக்கிற சென்சருக்குப் போட்டா, அந்த போல்ட் சென்சருக்கு முன்னால 8 மில்லிசெகண்ட்தான் நிக்கும் எண்டு வைங்க, பிஎல்சிக்கு அது வந்ததே தெரியாது, பெல்ட் நிண்டிட்டு எண்டு நினைச்சு அதுவே நிப்பாட்டும். லூஸ் வயருக்கு ஃபில்டர் போடுறது எனக்கு சரியாப் படல்ல, இண்டைக்கு 15 மில்லிசெகண்ட் விடுறது நாளைக்கு அரைச் செகண்ட் விடும்.

சம்மாந்துறை தம்பி: அண்ணன் பிடிச்சிட்டம்! நீல வயர் டெர்மினல்ல ஸ்க்ரூ இறுக்கமாத்தான் இருந்தது, இழுத்ததும் கையோட வந்திட்டு. ப்ளாஸ்டிக்கோட சேத்து இறுக்கியிருக்காங்க, உள்ள ஒரு மூண்டு நாலு நூல்தான் தொட்டிருக்கு. இப்ப ஈயம் பத்த வச்சு இறுக்கவா?

ஈயம் வேணாம் தம்பி. ஸ்க்ரூவுக்குக் கீழ ஈயம் நாள் போகப் போக நசுங்கி விலகும், எலிவேட்டர் அதிருற இடத்துல திரும்ப லூஸாகும். நுனிய வெட்டி எறிஞ்சிட்டு புதுசா உரிச்சு, வயர் சைஸுக்கு ஃபெரூல் போட்டு க்ரிம்ப் பண்ணி இறுக்குங்க, பிறகு இழுத்துப் பாருங்க. அதே ஆள் கட்டின மத்த டெர்மினலையும் ஒண்டும் விடாம பாருங்க, ஒரு இடத்துல ப்ளாஸ்டிக்க இறுக்கின கை மத்த இடத்திலயும் இறுக்கியிருக்கும். உமித்தூசு உள்ள போகாம கேபிள் க்ளாண்டையும் இறுக்குங்க.

கல்முனை வொர்க்ஷாப்: அப்ப அந்த 8? அது நொய்ஸ் இல்லையா?

அது நீங்க சொன்னதா இருக்கலாம், மறுக்கல்ல. ப்ளோவர் விஎஃப்டி ஸ்டார்ட் ஆன நேரம் அது வந்ததா எண்டு தம்பி எழுதல்ல, ஒரு தரத்த வச்சு சொல்ல ஏலாது. உண்மையாவே ஷூட்டுல நெல்லு தேங்கியும் இருக்கலாம். தம்பி, அந்த சென்சர் கேபிள் விஎஃப்டி மோட்டர் கேபிளோட ஒரே ட்ரேயில படுத்துக் கிடக்கா எண்டு பாருங்க. கிடந்தா ஒரு அடியாவது தள்ளுங்க, குறுக்க போக வேண்டிய இடத்துல நேர் குறுக்கா விடுங்க. FirstFault கோட கழட்டாதீங்க. அடுத்த 8 வாற நேரம் ப்ளோவர் என்ன செஞ்சுகொண்டிருந்தது, ஷூட்டுக்குள்ள நெல்லு எவ்வளவு இருந்தது, ரெண்டையும் எழுதி அனுப்புங்க.