நாலு விரல் உள்ளே

அன்புள்ள ஐயா,

என் மகள் பாடசாலைகளுக்கிடையிலான பட்மிண்டன் ஒற்றையர் போட்டியில் தோற்றுவிட்டாள். கடைசிப் புள்ளியில் அவள் அடித்த ஷட்டில் எதிர்ப்பக்கத்துப் பின்கோட்டுக்கு நாலு விரல் உள்ளே விழுந்தது. கோட்டு நடுவர் ‘வெளியே’ என்று கையை விரித்தார். நான் அந்தப் பின்கோட்டுக்கு நேர் பின்னால் வாங்கில் இருந்து போனில் எடுத்த படத்தை அனுப்புகிறேன். பெரிதாக்கிப் பாருங்கள், சந்தேகமே இல்லை. ஏற்பாட்டாளர்களுக்கு எழுதலாமா? நல்ல கமெரா உள்ள போன் எது என்றும் சொன்னால் உதவி.

ர., வெள்ளவத்தை

அன்புள்ள ர.,

எழுத வேண்டாம். போனும் வாங்க வேண்டாம். உங்கள் போனுக்கு ஒரு குறையும் இல்லை.

பிள்ளை தோற்ற இரவில் அந்தப் படத்தை எத்தனை தரம் விரலால் இழுத்துப் பெரிதாக்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கோபிக்காமல் கேளுங்கள். நீங்கள் பார்த்தது ஷட்டிலை. பார்க்க வேண்டியது அதன் நிழலை.

முதலில் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டேன். பட்மிண்டன் களத்தின் கடைசியில் இரண்டு கோடுகள் 76 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஓடும். உள்ளே இருப்பது இரட்டையர் ஆட்டத்தில் சேர்விஸுக்கு மட்டும் எல்லை. ஒற்றையரில் நீளத்துக்கு வெளிக்கோடும் அகலத்துக்கு உள்கோடும் எல்லை. நீங்கள் சரியான கோட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த மண்டபத் தரையில் கரப்பந்தாட்டத்துக்கும் கூடைப்பந்துக்கும் வேறு நிறங்களில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வராததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

பிழை வேறு இடத்தில். அதற்கு ஒரு பழைய கதை.

இளம் வயதில் கொழும்பில் ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தேன். ஒரு மாலை கரப்பந்தாட்டப் படம் ஒன்று மேசைக்கு வந்தது. பெடியன் ஒருவன் வலைக்கு மேலே கையை ஓங்கி நிற்கிறான், இரண்டு பாதமும் மூன்று மீற்றர் கோட்டைத் தாண்டி ஒரு முழம் முன்னால். அவன் பின்வரிசை ஆட்டக்காரன் என்று நிருபர் சொல்லியிருந்தார். பின்வரிசைக்காரன் அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்து வலைக்கு மேலே உள்ள பந்தை அடித்து எதிர்ப்பக்கம் அனுப்பினால் தவறு என்பது எனக்குத் தெரியும். ‘மத்தியஸ்தரின் கண்ணில் படாத தவறு’ என்று படத்துக்குக் கீழே எழுதிவிட்டு, பெரிய ஆளாக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

அடுத்த நாள் காலை அந்த மத்தியஸ்தரே கந்தோர்ப் படியேறி வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய யாழ்ப்பாணத்து மனிதர். கக்கத்தில் மடித்த பத்திரிகை, மேல்மூச்சு வாங்குகிறது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். என் மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்துக் குறுக்கே வைத்தார். இரண்டு விரல்களைக் கால்களாக்கி நடத்திவந்தார். அடிமட்டத்துக்கு இந்தப் பக்கம் விரல்கள் எம்பின, அந்தப் பக்கம் போய் இறங்கின.

“தம்பி, கால் எங்கை கிளம்பினது எண்டதுதான் கணக்கு. எங்கை விழுந்தது எண்டது இல்லை. கோடு நிலத்திலை கிடக்குது, பெடியன் காத்திலை நிக்கிறான். ரெண்டையும் ஏன் ஒண்டாப் போட்டனீர்?”

விதியும் அதுதான். எம்பும்போது கால் கோட்டைத் தொடாமலும் தாண்டாமலும் இருந்தால் போதும், அடித்த பிறகு முன்னால் விழலாம். திருத்தம் இரண்டு வரி வந்தது, யாரும் பார்க்காத மூலையில்.

உங்கள் ஷட்டிலும் காற்றில்தான் நிற்கிறது, ர. இதை நீங்கள் நம்பும்வரை நான் விடப்போவதில்லை. வாங்கில் இருந்து எடுத்தீர்கள், ஆகவே போன் தரையிலிருந்து சுமார் 1.2 மீற்றர் உயரம். பின்கோடு உங்களுக்கு ஆறு மீற்றர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஷட்டில் தரையைத் தொட இன்னும் நாலு சென்ரிமீற்றர், அதாவது இரண்டு விரலளவு, இருக்கிறது. போனிலிருந்து ஷட்டிலின் ஊடாக ஒரு நூலை இழுத்துக்கொண்டே போனால் அது எங்கே தரையில் முட்டும்? ஷட்டிலுக்கு நேர் கீழே இல்லை. இன்னும் 20 சென்ரிமீற்றர் அப்பால், களத்தின் உட்பக்கமாக. படத்தில் ஷட்டில் அங்கேதான் கிடப்பதுபோலத் தெரியும். கோட்டின் அகலமே நாலு சென்ரிமீற்றர். இப்போது உங்கள் நாலு விரலைக் கழித்துப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது?

காற்றில் நிற்கிறது என்று எப்படித் தெரியும்? தரையில் கிடக்கும் ஷட்டிலின் தக்கையும் நிழலும் ஒரு புள்ளியில் ஒட்டும். உங்கள் படத்தில் தக்கைக்குக் கீழே வெளிச்சமான ஒரு கீற்று இருக்கிறது, அதற்கும் கீழே மங்கலான நிழல். அந்த நிழல் கோட்டின் வெளிவிளிம்பையும் தாண்டி, உங்கள் பக்கமாகக் கிடக்கிறது. நிழல் தரையில் கிடக்கிற பொருள், அதை உயரம் ஏமாற்றாது. விளக்கு சரிவாக இருந்தால் நிழல் நகரும், உண்மை. ஆனால் இந்த மண்டபத்தில் விளக்குகள் களத்தின் இரு பக்கமும் நீளவாக்கில் வரிசையாக உள்ளன. அவை நிழலை இடம் வலமாகத்தான் தள்ளும், பின்கோட்டுக்குக் குறுக்கே அவ்வளவு தள்ளாது.

‘தொடரான படங்கள் எடுத்திருந்தால்’ என்று உடனே எழுதாதீர்கள். உயரே போய்த் தலைகீழாக இறங்கும் ஷட்டில் நொடிக்கு ஆறேழு மீற்றர் விழும். நொடிக்குப் பத்துப் படம் எடுத்தாலும் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அரை மீற்றருக்கு மேல் போய்விடும். தரையைத் தொட்ட கணம் படத்தில் விழுவது லொத்தரில் விழுவது மாதிரி.

2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் ஜப்பான் ஸ்பெயினுக்கு அடித்த இரண்டாவது கோலுக்கும் இதே கூச்சல்தான், கோலுக்கு முன்பே பந்து கடைசிக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது என்று. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிகிற படத்தை எல்லோரும் பகிர்ந்தார்கள். உதைபந்தாட்டத்தில் பந்து புல்லைத் தொடும் இடம் கணக்கே இல்லை. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் கடந்தால்தான் வெளியே. பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்ரிமீற்றர், ஆகவே தொடும் புள்ளி கோட்டுக்கு வெளியே 10 சென்ரிமீற்றர் போனாலும் பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே தொங்கும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் அந்த வயிறு கோட்டின் மேல் மயிரிழை அளவு தெரிந்தது, கோல் நின்றது. பட்மிண்டனிலும் கரப்பந்தாட்டத்திலும் தரையைத் தொடும் இடம்தான் பேச்சு, கோட்டின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே. படத்தைப் பார்க்கும் முன் எந்த ஆட்டம் என்று பார்க்காதவர்களோடு நான் இனிப் பேசுவதாக இல்லை.

உங்களோடு பேசுவேன். மகளின் ஆட்டத்தை அடுத்த முறையும் படம் எடுங்கள், ஆனால் பின்னால் இருந்து வேண்டாம். பின்கோடு களத்துக்கு வெளியே நீண்டுபோனால் எங்கே போகுமோ, அங்கே நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஷட்டில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கோட்டைக் குறுக்கே தாண்டித் தெரியாது. போனால், அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் கதிரை போட்டு இருப்பார். உங்களுக்கு ‘வெளியே’ என்று கையை விரித்தவர். அவருக்குப் பின்னால் நில்லுங்கள், மறைக்காமல்.