நான்கு மீன் குழம்புக்கும் ஒரே குறிப்பா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடும்ப உணவகம் நடத்துகிறோம். பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மெனுவில் ஒவ்வொரு உணவுக்குக் கீழேயும் ‘சுவையான’, ‘பாரம்பரிய’, ‘நாவூறும்’ என்றே திரும்பத் திரும்ப வருகிறது. மிகைப்படுத்தாமல், படித்தவுடன் சாப்பிடத் தோன்றும்படி எப்படி மாற்றி எழுதுவது?

பதில்:

சித்தூர் வட்டத்திலும் பொள்ளாச்சி சாலையிலும் உள்ள சில உணவகங்களுக்கு மெனு எழுதிக் கொடுத்து வருகிறேன். ஏறக்குறைய எல்லா மெனுக்களிலும் சிக்கல் முதலில் வெளிப்படுவது மீன் பக்கத்தில்தான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வழி பிடிபட்டுவிட்டால் மற்ற பக்கங்களை நீங்களே எழுதிவிடலாம்.

மீன் முளகிட்டது, மாங்காய் மீன் குழம்பு, மீன் மொய்லி, நாட்டுப் புளிக்குழம்பு ஆகிய நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த ஒரு மெனுவில், நான்குக்கும் சிறு மாற்றங்களுடன் ‘பாரம்பரிய முறையில் மணமணக்கும் மசாலாக்களுடன் தயாரிக்கப்பட்ட சுவையான மீன் குழம்பு’ என்றே எழுதியிருந்தார்கள். இந்தக் குறிப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை எந்தக் குழம்பின் கீழ் வைத்தாலும் பொருந்தும் என்பதால், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வாடிக்கையாளருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கியும் அவருடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்க உணவகங்களின் சுமார் 6,500 மெனுக்களைக் கணினிவழி ஆராய்ந்தபோது, ‘சுவையான’ போன்ற பொத்தாம்பொதுவான புகழ்ச்சொற்கள் விலை குறைந்த உணவகங்களிலேயே மிகுதியாக வருவதைக் கண்டார்கள். நம் ஊர் மெனுக்களை யாரும் அப்படி எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை என்றாலும், என் அனுபவத்தில் இங்கும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை.

ஆகவே பழைய குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருக்காமல் மெனுவை மூடி வைத்துவிட்டு, கூட்டம் இல்லாத மாலை நேரத்தில் மாஸ்டரிடம் போய் உட்காருங்கள். ஒவ்வொரு குழம்பையும் பற்றி மூன்றே கேள்விகள் கேளுங்கள்: புளிப்பு எதிலிருந்து வருகிறது, தேங்காய் உண்டா, எதனுடன் சாப்பிட்டால் எடுபடும். நான் பார்த்த அந்தச் சமையலறையில் முளகிட்டதற்குக் குடம்புளி, தேங்காய் கிடையாது, கப்பையுடன் போகும். மாங்காய்க் குழம்புக்குப் பச்சை மாங்காயும் அரைத்த தேங்காயும். மொய்லிக்குத் தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், இஞ்சி. காரம் குறைவு, ஆப்பத்துக்கு ஏற்றது. நாட்டுக் குழம்புக்குக் கரைத்த புளி, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய். வேறுபாடு முழுவதும் சமையலறையிலேயே இருந்தது. மெனுதான் அதை மறைத்துவிட்டிருந்தது.

அந்தப் பேச்சில் மாஸ்டர் தற்செயலாகச் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பயன்பட்டது. “கொடம்புளி போட்ட கறியை வச்ச அன்னைக்கே விளம்பக் கூடாதுங்க, ஒரு ராத்திரி இருக்கணும்” என்றார். முதலாளி அதை வெளியில் சொல்லவே தயங்கினார். பழைய குழம்பு என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. ஆனால் இந்தப் பக்கத்து மக்களுக்கு மறுநாள் மீன் குழம்பின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அதையே எழுதினோம்.

மாற்றி எழுதிய வரிகள் இவை:

மீன் முளகிட்டது: தேங்காய் சேராத சிவந்த குழம்பு, புகையில் உலர்ந்த குடம்புளியின் புளிப்பு. முதல் நாள் இரவே வைத்தது. காரம் அதிகம்.

மாங்காய் மீன் குழம்பு: பச்சை மாங்காயும் அரைத்த தேங்காயும் சேர்ந்த மஞ்சள் நிறக் குழம்பு. மாங்காய்க் காலத்தில் மட்டும்.

மீன் மொய்லி: தேங்காய்ப்பாலில் இஞ்சியும் கீறிய பச்சை மிளகாயும். குழந்தைகளும் சாப்பிடலாம், ஆப்பம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாட்டுப் புளிக்குழம்பு: சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், கெட்டியான புளி. சுடு சோற்றுக்கு.

இவற்றில் ‘சுவை’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசிக் குறிப்பில் வினைச்சொல்லே இல்லை; அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான். தமிழில் உணவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ‘வறுத்து, அரைத்து, சேர்த்து, கொதிக்கவைத்துத் தயாரிக்கப்பட்ட’ என்று எச்சங்கள் வரிசையாக வந்து நிற்பதும், எல்லா வரிகளும் ‘-க்கப்பட்ட குழம்பு’ என்றே முடிவதும் வழக்கமாகிவிட்டது. சொற்களை மாற்றினாலும் வாக்கிய அமைப்பு மாறாவிட்டால் படிப்பவருக்கு ஒரே வரியைப் பலமுறை படித்த உணர்வுதான் வரும். ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். எங்கே அலுப்புத் தட்டுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். செய்முறையிலிருந்து ஒரு வினை போதும். அதுவும் வாயில் வைத்தால் உணரக்கூடியதாக இருக்க வேண்டும். ‘சுட்ட’ என்பது நாக்குக்குத் தெரியும், ‘கலந்த’ என்பது தெரியாது.

மிகையைப் பொறுத்தவரை நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: மாஸ்டர் விடுப்பில் போன மழைநாளிலும் அந்த வரி உண்மையாக இருக்குமா? ‘விறகடுப்பில் வைத்தது’ என்று எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு கேஸ் அடுப்பில் வைத்தால் அந்த வரி அன்றைக்குப் பொய்யாகிவிடும். மண்சட்டியில் பரிமாறுவதும் மண்சட்டியில் சமைப்பதும் வெவ்வேறு. எதைச் செய்கிறீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். பாலக்காடு மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது, மீன் ஐஸில்தான் வருகிறது என்பது உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ‘கடலிலிருந்து நேராக’ என்ற வரி மற்ற வரிகளின் மீதுள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடும். மாங்காய்க் குழம்பில் ‘காலத்தில் மட்டும்’ என்று சேர்த்ததும் இதனால்தான். முதலமடைத் தோட்டங்கள் பக்கத்திலேயே இருந்தாலும் ஆண்டு முழுவதும் பச்சை மாங்காய் கிடைக்காது. கிடைக்காத மாதத்தில் வேறு புளிப்பைச் சேர்த்து அதே பெயரில் விற்பதைவிட அந்த வரியை மறைத்துவிடுவது நல்லது. மேலும், இயற்கையான, புதிய, பாரம்பரியமான, அசல் போன்ற பொருள் தரும் சொற்களைக் கண்டபடி பயன்படுத்துவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் வரம்பு விதித்திருக்கின்றன. அவை இல்லாமலேயே எழுத முடியும் என்னும்போது அந்த வம்பு எதற்கு?

எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தயிர்ச்சாதத்துக்கும் உளுந்துவடைக்கும் விளக்கம் எழுதும்போதுதான் ‘நாவூறும்’ தானாக வந்து உட்காருகிறது. பெயரைப் படித்தாலே தட்டில் என்ன வரும் என்று தெரிகிற உணவுக்குப் பெயரும் விலையும் போதும். அந்த வெற்றிடம் பக்கத்து வரியை எடுப்பாகக் காட்டும். ஆனால் ராமசேரி இட்லியைப் பொள்ளாச்சியிலிருந்து வருபவர் முதல்முறை பார்க்கக்கூடும். ‘மண்கலத்தின் வாயில் கட்டிய துணியில் ஆவியில் வெந்த தட்டையான இட்லி, பொடியும் எண்ணெயும்’ என்று அதற்கு எழுதலாம், நீங்களும் அப்படித்தான் வேகவைக்கிறீர்கள் என்றால்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் குறிப்புகளை மட்டும் பெயர் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, பரிமாறும் அண்ணன்மாரிடம் கொடுத்து எது எந்த உணவு என்று கேளுங்கள். அவர்கள் தயங்கும் வரியை மறுபடி எழுத வேண்டும். அச்சான பிறகு, வாடிக்கையாளர்கள் அவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ‘இது காரமா?’, ‘தேங்காய் போட்டதா?’ என்று ஒரே உணவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தப் பதில்தான் மெனுவில் விடுபட்ட சொல். மீன் வகை நாள்தோறும் மாறும் என்பதால் அதை அச்சில் ஏற்றாமல் கல்லாவுக்குப் பின்னால் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.