வார்டு வாக்காளர் பட்டியல்: கடலூர்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

முதுநகர் மளிகைக் கடைக்காரர்: எங்க வார்டு பட்டியலை யார் எழுதறாங்க? மாநகராட்சி ஆள் ஒருத்தரும் வீட்டுக்கு வந்ததில்லையே.

வர மாட்டார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கென்று புதிதாகப் பெயர் சேர்க்கும் வேலையே கிடையாது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள பெயர்களை மாநகராட்சியின் 45 வார்டுகளுக்கும் பிரித்துப் போடுகிறார்கள். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் மேற்பார்வையில் நடக்கும் இந்தப் பிரிப்பில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

சட்டமன்றப் பட்டியல் பாகம் பாகமாக இருக்கும். ஒரு பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர்கள். முன்பு ஒரு பாகத்துக்கு 1,500 பேர் வரை வைத்திருந்தார்கள், இப்போது உச்சவரம்பு 1,200. பாகத்துக்குள் தெரு வாரியாகப் பிரிவுகள் உண்டு. வார்டு எல்லையோ பல இடங்களில் தெருவின் நடுவே ஓடும், அதனால் ஒரே பிரிவில் இருப்பவர்கள் இரண்டு வார்டுகளுக்குப் போக வேண்டியிருக்கும். கதவு எண்ணைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். நம் ஊரில் ஒரே வாசலில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. பட்டியலில் அப்பாவுக்குப் பழைய எண்ணும் மகளுக்குப் புதிய எண்ணும் இருந்தால், ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் வேறு வேறு வார்டில் ஓட்டுப் போடுவார்கள். வார்டு பட்டியல் வெளியானதும் உங்கள் பெயரை மட்டும் பார்க்காமல் குடும்பம் முழுவதும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். தெருவின் இரு வரிசைகளும் சரியான பக்கம் விழுந்திருக்கின்றனவா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

வார்டு மாறிப் போயிருந்தால் மாநகராட்சி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். சட்டமன்றப் பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் படிவம் 6 கொடுத்து அங்கே ஏற வேண்டும்.

மஞ்சக்குப்பம் கல்லூரி மாணவி: வார்டில் இருக்கும் 18 வயதானவர்களும் பட்டியலில் இருப்பவர்களும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை என்றால் பட்டியல் சரி என்றுதானே அர்த்தம்?

இல்லை. கணக்குக்காக நானே எண்களை வைத்து ஒரு வார்டைப் போட்டுக் காட்டுகிறேன். வீடு வீடாக எண்ணினால் 18 வயது நிரம்பியவர்கள் 3,000 பேர். பட்டியலில் 2,890 பெயர்கள். வித்தியாசம் 110. நல்ல பட்டியல் என்று எவரும் சொல்லிவிடுவார்.

உள்ளே போய்ப் பார்ப்போம். அந்த 3,000 பேரில் 240 பேர் வாடகைக்கு வந்தவர்கள், பெயர் இன்னும் சொந்த ஊரில். 110 பேர் சிப்காட் பக்கம் வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவர்கள். 70 பேர் இப்போதுதான் 18 ஆனவர்கள், விண்ணப்பமே போடவில்லை. 10 பேர் இந்தியக் குடிமக்கள் அல்ல. ஆக 430 பேர் வீட்டில் இருக்கிறார்கள், பட்டியலில் இல்லை. மீதி 2,570.

அப்படியென்றால் 2,890 எப்படி வந்தது? வீடு மாறிப்போன 190 பேர், இறந்த 60 பேர், இரண்டாவது முறை ஏறிய 30 பெயர்கள், வெளிநாட்டில் வேலை செய்யும் 40 பேர். மொத்தம் 320. இவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், வீட்டில் இல்லை. மேலே தெரிந்தது 110, உள்ளே ஒட்டாமல் கிடந்தவை 750. எதிரெதிர்த் தவறுகள் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. அதனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், வயதுவாரியாகப் பாருங்கள். 18, 19 வயதில் பெயர்கள் மிகக் குறைவாகவும் 80க்கு மேல் ஊரில் இருப்பவர்களைவிட அதிகமாகவும் இருந்தால் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது. தேர்தல் அலுவலர்களும் இப்படித்தான் சரிபார்க்கிறார்கள்.

வண்டிப்பாளையம் வாசகர்: ஆதார்ல கடலூர் முகவரி மாத்திட்டா பட்டியல்ல தானா ஏறிடும். இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தல்?

பாதி சரி. முகவரிக்குச் சான்றாக ஆதார் ஏற்கப்படுகிறது. ஆனால் தானாக எதுவும் ஏறாது, ஆதார் குடியுரிமைச் சான்றும் அல்ல. நீங்கள் கேட்காமல் பட்டியல் உங்களைத் தேடி வராது. ஊரிலிருந்து மாறி வந்தவர் கொடுக்க வேண்டியது படிவம் 8. பழைய அடையாள அட்டை எண்ணோடு அதைக் கொடுத்தால் பழைய பதிவை நீக்கும் வேலையும் சேர்ந்தே நடக்கும். பலரும் புதிய வாக்காளர் போலப் படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன இரட்டைப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி உருவாவதுதான். அந்தப் படிவத்தில் வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். அது பொய்யென்றால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு.

புதுப்பாளையம் குடியிருப்பாளர்: என் கதை வேற. வீட்டு ஓனரம்மா பேரு சேக்கவே கூடாதுங்கறாங்க, வீட்ட எழுதிக் கேப்பேன்னு பயம். அவங்க கையெழுத்து இல்லாம நடக்குமா?

நடக்கும். உரிமையாளர் சம்மதம் என்று ஒரு தேவையே படிவத்தில் இல்லை. வாடகை ஒப்பந்தம் கொடுப்பதானால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும், அதுதான் உங்களிடம் இருக்காது. அந்த முகவரியுள்ள ஆதார், வங்கிப் புத்தகம், குறைந்தது ஓராண்டு பழைய எரிவாயு இணைப்பு ரசீது, இவற்றில் ஒன்று போதும். எதுவுமே இல்லையென்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிப்பார். பகலில் வீடு பூட்டியிருந்தால் அங்கேதான் மனு தொங்கும், கைபேசி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். பெயர் ஏறுவதால் வீட்டின் மேல் எந்த உரிமையும் வராது என்று உரிமையாளரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்: கேப்பர் மலை மத்திய சிறையை விட்டுவிட்டீர்களே. மக்கள்தொகைக் கணக்கில் கைதிகள் அங்கே எண்ணப்படுவார்கள், பட்டியலில் வர மாட்டார்கள்.

சரியாகச் சொன்னீர்கள். சிறையில் இருப்பதை வைத்து ஒருவரை அந்த இடத்தில் வசிப்பவராகக் கொள்ளக் கூடாது என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. அவர் பெயர் சொந்த வீட்டு முகவரியில் தொடரலாம், உள்ளே இருக்கும்வரை ஓட்டுப் போட முடியாது என்பது வேறு விஷயம். சிறையை ஒட்டிய பகுதியில் மக்கள்தொகையைப் பட்டியலோடு ஒப்பிடுகிறவர்கள் இதைக் கழித்துவிட்டே பேச வேண்டும். விடுதி மாணவர்கள் நிலை அப்படியில்லை. வீட்டு முகவரியா விடுதி முகவரியா என்பது அவர்கள் விருப்பம், இரண்டில் ஒன்று மட்டும்.

தேவனாம்பட்டினம் வாசகர்: எங்க தாத்தா இறந்து நாலு வருஷம். பேரு இன்னும் இருக்கு. பி.எல்.ஓ. அடிச்சா என்ன?

வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் விசாரித்து அறிக்கை தருவார், நீக்குவது வாக்காளர் பதிவு அலுவலர். இறப்புச் சான்றிதழ் நகலோடு படிவம் 7 கொடுங்கள். ஒருவர் வீடு மாறிவிட்டார் என்று நீக்குவதானால் அவருக்கு முதலில் அறிவிப்பு கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு தேவைதான், ஆனால் போனவர் முகவரி தெரியாதபோது கோப்பு அப்படியே தூங்கும். பெயர் நீக்கியபின் பழைய பட்டியலிலேயே கட்டத்தின் மேல் குறுக்காக முத்திரை விழும், காரணமும் எழுத்துக் குறியாக இருக்கும்: இறப்புக்கு E, இடமாற்றத்துக்கு S, இரட்டைப் பதிவுக்கு R.

புதுச்சேரியில் பணிபுரிபவர்: வீடு கடலூர், வாரத்தில் ஐந்து நாள் புதுவையில் அறை. இரண்டு இடத்திலும் அட்டை இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?

இரண்டும் வைத்துக்கொள்ளவே முடியாது, அதே 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. எது வழக்கமான வசிப்பிடம் என்பதுதான் கேள்வி. வார இறுதியில் குடும்பத்தோடு இருக்கும் வீட்டைச் சொல்வதில் தவறில்லை, தற்காலிகமாக விலகியிருப்பதால் வசிப்பிடம் மாறாது. ஆனால் வீடு உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. இன்னொன்றைப் படிவம் 7 கொடுத்து நீக்குங்கள்.

மஞ்சக்குப்பம் மாணவி மறுபடியும்: அந்த 40 வெளிநாட்டுக்காரர்கள் பெயர் இருக்கலாமா, கூடாதா?

குடியுரிமை மாறாதவர்கள் என்றால் படிவம் 6ஏ வழியாக, கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரியில் வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம், ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை, பழைய பதிவே தொடர்கிறது. துபாயில் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் தற்காலிகமாக விலகியிருக்கிறாரா, போய்விட்டாரா? நான் இருக்கலாம் என்பேன். எடுக்கத்தான் வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.