பதினான்கு மெயில் படித்தும் பதில் தவறியது ஏன்?

கேள்வி: ஒரு வாடிக்கையாளருடன் 14 மெயில் ஓடிய தொடரை மேலாளர் எனக்கு ஃபார்வர்டு செய்து, பதில் போடச் சொன்னார். முழுக்கப் படித்துத்தான் எழுதினேன். "நான் கேட்டது இதுவல்ல" என்கிறார் வாடிக்கையாளர். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் அனுப்பிய தொடரைப் பார்த்தேன். மேலாளர் தலைப்பில் எழுதிய "இன்வாய்ஸ் தொகைத் தகராறு" என்ற ஒற்றை வரிதான் உங்களைக் கவிழ்த்தது. இந்த இடைத்தரகர் வரியை நம்பவே நம்பாதீர்கள். ஃபார்வர்டு செய்பவர் பெரும்பாலும் முழுக்கப் படிப்பதில்லை. வேலையைக் கைமாற்றிவிட ஒரு வரி எழுதுவார், கேள்வி அதில் செத்துப்போகும்.

தொடரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதல் சுற்றில் வாடிக்கையாளர் எழுதியவற்றை மட்டும். உங்கள் தொடரில் அவை மூன்றுதான். முதல் மெயிலில் தொகை அதிகம் என்கிறார். போக்குவரத்துக் கட்டணம் இருமுறை சேர்ந்துவிட்டது, திருத்தித் தருகிறோம் என்று கணக்குப் பிரிவு சொல்கிறது. அடுத்து அவர், "சரி, புரிந்தது. திருத்திய இன்வாய்ஸில் பழைய தேதி வருமா, புதிய தேதியா? இந்த மாதக் கணக்கை முடிக்க வேண்டும்" என்கிறார். "சரி, புரிந்தது" என்ற இடத்தில் தொகை விவகாரம் முடிந்துவிட்டது. அதை அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பது தேதி. மூன்றாவது மெயிலில் அவர் கேட்டிருப்பது "ஏதும் தெரிந்ததா?" என்று மட்டும்தான். நடுவில் கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் யார் தவறு என்று அடித்துக்கொண்ட மெயில்களில் அவருக்கு எந்த அக்கறையும் இல்லை. நீங்களோ அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதில் பலரும் மாட்டுவார்கள். கையிலிருக்கும் தொடர் முழுமையாக இல்லாமலிருக்கலாம். ஒரே மெயிலுக்கு இருவர் தனித்தனியாக ரிப்ளை செய்தால் தொடர் இரண்டாகக் கிளைக்கும். உங்களுக்கு வந்த மெயிலின் அடியில் ஒரு கிளைதான் இருக்கும். வாடிக்கையாளர் "ரிப்ளை ஆல்" அழுத்தாமல் ஒருவருக்கு மட்டும் எழுதியிருந்தாலும் இதே கதை. எப்படிக் கண்டுபிடிப்பது? யாரும் கேட்காத ஒன்றுக்கு யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். "நீங்கள் குறிப்பிட்டபடி" என்று ஒரு வரி இருக்கும், குறிப்பிட்ட இடம் எங்கும் இருக்காது. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் பதில் எழுதாதீர்கள். அதை எழுதிய சக ஊழியரிடம் அந்த மெயிலை வாங்குங்கள். ரிப்ளை செய்யும்போது அட்டாச்மென்ட்டுகள் பொதுவாகக் கூட வராது என்பதால், பழைய இன்வாய்ஸையும் சேர்த்தே கேளுங்கள். வாடிக்கையாளரிடம் போய் மறுபடி கேட்டால், ஏற்கெனவே எழுதியவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இத்தனைக்கும் நேரம் ஏது என்பீர்கள். நியாயம்தான். எத்தனை மணி நேரத்தில் பதில் போனது என்று எண்ணும் அலுவலகங்கள், அது கேட்டதற்குத்தான் போனதா என்று பார்ப்பதில்லை. தப்பான பதிலும் அந்தக் கணக்கில் "முடிந்தது".

இப்போது கணக்குப் பிரிவிடம் தேதியை உறுதிசெய்துகொண்டு, புதிய மெயிலின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். தொகையைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம்.