மூடப்பட்ட ஃபண்டுகளைச் சேர்க்காத சராசரி

கேள்வி: இந்த வகை ஃபண்டுகளின் ஐந்தாண்டு சராசரி லாபம் 60% என்று பட்டியலில் இருக்கிறது. நம்பலாமா?

கூட்டல், வகுத்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். எந்த ஃபண்டுகளையெல்லாம் கூட்டினார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஐந்தாண்டுக்கு முன் 10 ஃபண்டுகள், ஒவ்வொன்றிலும் 100 போட்டதாக வைத்துக்கொள்வோம். இன்று 6 உயிரோடு இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 160. இவற்றை மட்டும் கூட்டினால் சராசரி லாபம் 60%. மற்ற 4 நடுவில் மூடப்பட்டன. போட்டவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது தலா 90. அதை அப்படியே வைத்திருந்தார்கள் என்றால், 1000 போட்டதற்குக் கையில் இருப்பது 960 + 360 = 1320. உண்மையான லாபம் 32% தான்.

மூடுவதைவிடக் கண்ணில் படாதது இணைப்பு. சரியாகப் போகாத ஃபண்டை நன்றாக ஓடும் இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் பல இடங்களில் தொடர்வது நல்லதன் பழைய கணக்கு மட்டும்தான். மற்றது பட்டியலிலேயே இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஐந்தாண்டுக்கு முந்தைய பட்டியலை எடுத்து, அன்றிருந்த பெயர்களை இன்றைய பட்டியலில் தேடுங்கள். எத்தனை காணவில்லை என்று பாருங்கள். காணாமல் போனவை எல்லாமே தோற்றவை அல்ல, சில நன்றாக ஓடியும் வேறு காரணத்தால் இணைக்கப்பட்டிருக்கும். ஆனால் பாதிப் பெயர்கள் இல்லையென்றால், அந்த 60%-ஐ நான் தொடக்கூட மாட்டேன்.