விவாதக் கேள்விக்கு விடைக்குறிப்பு எழுதுவது எப்படி? புதுச்சேரி இணைப்பை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். செமினாருக்கு ஆறு விவாதக் கேள்விகள் தயாராக இருக்கின்றன. என்னோடு இன்னொரு ஆசிரியரும் மார்க் போடுவார். ஒரே சரியான விடை இல்லாத கேள்விக்கு மாதிரி விடைக்குறிப்பும் மதிப்பெண் குறிப்பும் எப்படி எழுதுவது?

பதில்:

புதுச்சேரியில் இளங்கலை மாணவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். வகுப்பில் விவாதம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தருவார்கள், அதற்கு 10 மார்க். என் கேள்விகளில் வருடா வருடம் தங்கிவிட்டது இது: "புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது 1954-லா, 1962-லா? விவாதிக்கவும்." இந்த ஒரு கேள்வியின் குறிப்பு எப்படி மாறியது என்று சொல்கிறேன். உங்கள் ஆறுக்கும் அந்த வழியே போதும்.

முதல் வருடம் நான் எழுதியது வெறும் தேதிப் பட்டியல். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1948 ஜூன் ஒப்பந்தம், கீழூர் வாக்கெடுப்பு நடந்த 1954 அக்டோபர் 18, ஆட்சி கைமாறிய நவம்பர் 1, ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தான 1956 மே 28, அது நடைமுறைக்கு வந்த 1962 ஆகஸ்ட் 16. ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு மாணவர் ஐந்தையும் வரிசையாக எழுதி, இரண்டில் எது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் 10 வாங்கினார். முத்தியால்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி ஒரே ஒரு தேதியைத்தான் எழுதியிருந்தார். "எங்கள் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். 1962-க்குப் பிறகு தாத்தா இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர். 1954-லேயே இணைந்துவிட்டது என்றால் அதுவரை இருவரும் யார்?" என்பது அவர் வாதம். என் பட்டியல்படி அவருக்கு 2. கூட மார்க் போட்ட ஆசிரியர் 7 போட்டிருந்தார். ஒரே தாளில் 2-ம் 7-ம் இருந்தால் கோளாறு குறிப்பில்தான்.

அந்த மாணவி தொட்டது இந்தக் கேள்வியின் நடுநரம்பை. 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது நிர்வாகம். இறையாண்மை பிரான்சிடமே இருந்தது. 1956-ல் கையெழுத்தான உடன்படிக்கைக்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் 1962-ல்தான் கிடைத்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளில், இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதிலேயே இருந்தது. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆனது அப்படித்தான். 1962-ன் பக்கம் நிற்பவருக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. அதற்கு என் பட்டியலில் இடமே இல்லை.

அதனால் குறிப்பைத் திருப்பி எழுதினேன். விடை எது என்பதை விட்டுவிட்டு, மாணவர் செய்யவேண்டிய வேலை எது என்று கேட்டுக்கொண்டேன். இந்தக் கேள்வியில் முக்கிய வேலை, "இணைவது" என்றால் என்ன என்று அவரே ஓர் அளவுகோல் வைப்பது. நிர்வாகமா, மக்களின் சம்மதமா, சட்டமா, குடியுரிமையா? அளவுகோலைச் சொல்லி, அதை வைத்து ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்தால் 4 மார்க். இரண்டு தேதிகளிலும் நடந்தது என்ன என்று வேறுபடுத்திச் சொன்னால் 3. தன் நிலைப்பாட்டுக்கு எதிரான சான்று ஒன்றை எடுத்து, அதற்குப் பதிலும் சொன்னால் 2. விவாதத்தில் இன்னொருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுதியிருந்தால் 1. இந்தக் கணக்கில் அந்த மாணவிக்கு அளவுகோலுக்கு 4, தேதிகளுக்கு 1 கிடைக்கும். நவம்பர் 1 அன்று என்ன நடந்தது என்று அவர் எழுதவில்லையே, அதனால் 5-தான். அதுதான் நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன். பட்டியல் எழுதியவருக்கு தேதிகளுக்கான 3 மட்டும்.

மாதிரி விடையை முழுப் பத்தியாக எழுதாதீர்கள். எழுதினால் மார்க் போடுபவர் அந்த நடையைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று நான்கு வாக்கியச் சான்றுகள் போதும். 1954-ன் பக்கத்துக்கு என் குறிப்பில் இப்படி இருக்கிறது: "கீழூரில் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. மக்களின் சம்மதம் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று 1946-ன் பிரெஞ்சு அரசியலமைப்பு சொன்னது, வாக்கெடுப்பின் எடை அங்கிருந்து வருகிறது. அரசு இன்றும் விடுதலை நாள் கொண்டாடுவது நவம்பர் 1-ல்." கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் "இதை மட்டும் சொன்னால் அளவுகோல் ஆகாது, 1-க்கு மேல் வேண்டாம்" என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். விடுமுறை விடுகிறார்கள், அதனால் 1954 என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுவார்கள்.

மதிப்பெண் குறிப்பில் அதிக இடம் கொடுக்கவேண்டியது பிழைகளுக்கு. எந்தப் பிழை வாதத்தைச் சாய்க்கிறது, எது சாய்க்கவில்லை என்று முன்பே எழுதிவைக்காவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் மார்க் அங்கேதான் பிரியும். கீழூரில் பொதுமக்கள் எல்லாரும் வாக்களித்ததாக நிறையப் பேர் எழுதுகிறார்கள். வாக்களித்தவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான். மக்கள் நேரடியாக வாக்களித்தது 1949-ல் சந்திரநாகூரில். மக்களின் சம்மதத்தையே அளவுகோலாக வைத்தவர் இப்படி எழுதினால் அவர் வாதமே ஆடிப்போகிறது, அங்கே 2 குறையும். குடியுரிமையை அளவுகோலாக வைத்தவர் போகிறபோக்கில் இதை எழுதினால் தேதிப் பகுதியில் அரை மார்க் மட்டும் குறையும். ஒரே பிழைக்கு இரண்டு இடத்தில் குறைக்க வேண்டாம் என்பதையும் எழுதிவையுங்கள். கடலூரிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் பழக்கத்தில் 1947 என்று ஆரம்பிப்பார்கள், அவர்கள் ஊருக்கு அது சரி. அப்புறம் தானே திருத்திக்கொண்டு போயிருந்தால் நான் குறைப்பதில்லை.

குறிப்பு முடிந்ததும் மூன்று தாள்களை எடுத்து, நீங்களும் அந்த ஆசிரியரும் தனித்தனியாக மார்க் போட்டுப் பாருங்கள். மொத்தத்தை ஒப்பிடாதீர்கள், பகுதி பகுதியாக ஒப்பிடுங்கள். ஒருவர் 4+1, இன்னொருவர் 2+3 போட்டிருந்தாலும் மொத்தம் 5-தான், ஆனால் குறிப்பை இருவரும் வேறு வேறாகப் படித்திருக்கிறீர்கள். ஒரு பகுதியில் வித்தியாசம் 1-க்கு மேல் போனால் அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு வரி காலியாக விடுங்கள், நீங்கள் நினைக்காத விடை கட்டாயம் வரும். போன முறை ஒரு காரைக்கால் மாணவர், இரண்டு வருடமும் இல்லை, 1963 என்று எழுதினார். அந்த வருடம் ஜூலை 1-ல்தான் பிரதிநிதி சபை சட்டமன்றம் ஆனது, மற்ற இந்தியர்களைப் போல இங்கேயும் ஒரு சட்டமன்றம் கிடைத்த நாள்தான் இணைந்த நாள் என்பது அவர் வாதம். கேள்வியில் இல்லாத வருடம்தான், ஆனாலும் அளவுகோல் தெளிவாக இருந்ததால் 4. 1954-க்கும் 1962-க்கும் உள்ள வேறுபாட்டைப் பாதிதான் சொன்னார், 2. தன் கூட்டாளி சொன்னதற்குப் பதில் எழுதியிருந்தார், 1. 1955-லும் 1959-லும் பிரதிநிதி சபைக்குத் தேர்தல் நடந்ததே என்று எதிர்ச்சான்றை எடுக்கவில்லை, அதற்கு 0. நான் 7 போட்டேன், கூட மார்க் போட்டவர் 6. காலியாக விட்ட இடத்தில் இப்போது அந்த வாதமும் அதற்கான எதிர்ச்சான்றும் இருக்கின்றன.